பதினான்கு சொற்களும் ஆய்வு நேர்மையும்: கருத்துத் திருட்டு குறித்த வினாக்களை வகுக்கும் முறை

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வில் சேர்வோர் 'ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி' என்னும் இரு தகுதிப்புள்ளிப் பாடத்தைக் கட்டாயம் பயில வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019ஆம் ஆண்டில் அறிவித்தது. இப்பாடம் முப்பது மணி நேரமும் ஆறு அலகுகளும் கொண்டது. இதற்கு முந்தைய ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குமுறைகளை அக்குழு வெளியிட்டிருந்தது. அவ்வொழுங்குமுறைகளின்படி, ஆய்வேட்டின் ஒப்புமை பத்து விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை எனில் ஆறு மாதத்திற்கு மிகாத காலத்துள் திருத்தி அளிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளிக்க இயலாது. அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும்.

இவ்விழுக்காடுகளை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் வினாக்களால் இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறாது. விதியின் எண்ணை அறிந்தவர், தம் கையிலுள்ள பத்தி நேர்மையானதா என்பதை அறிந்தவராக ஆகிவிடுவதில்லை. தமிழ் ஆய்வாளரிடம் தமிழ்ப் பத்தியைக் கொடுத்தே வினவ வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. சங்கரன்கோவில் ஆடித்தபசு விழாவை ஆய்வுப்பொருளாகக் கொண்ட ஒரு கற்பனை ஆய்வேட்டை முன்வைத்து, மேற்கோள், தன்சொல்லால் எடுத்துரைத்தல், ஆசிரியர் உரிமை ஆகிய மூன்றையும் சோதிக்கும் வினாக்கள் இங்கு ஆராயப்படுகின்றன. இவற்றில் வரும் ஆய்வாளரும் நெறியாளரும் தகவலாளரும் எடுத்துக்காட்டுக்காகப் புனையப்பட்டவர்கள்.

எது பொது அறிவு, எது பிறர் கருத்து?

முதல் வினா எளியதுபோல் தோன்றுவது. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டதையும், கோமதியம்மன் தவமிருந்ததையும், இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததையும் ஆய்வாளர் தம் ஏட்டில் எழுதுகிறார். இதற்கு அடிக்குறிப்பு வேண்டுமா?

வேண்டியதில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அறிந்த தலவரலாறு அது. ஆனால் அதே பத்தியில், கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டி அக்கதையை வேறு முடிவோடு சொன்னதாக எழுதினால், அம்முடிவு பொது அறிவாகாது, சொன்னவருக்கு உரியது. அவ்விழாவை இன்ன வகையில் விளக்க வேண்டும் என்று முந்தைய ஆய்வாளர் ஒருவர் கூறிய விளக்கமும் அவருக்கே உரியது. கதைக்குச் சான்று காட்ட வேண்டியதில்லை என்பதால் கதையின் விளக்கத்துக்கும் வேண்டியதில்லை எனக் கருதுவதே ஆய்வேடுகளில் நேரும் பிழை. ஆகவே ஒரே பத்திக்குள் மூன்றையும் கலந்து கொடுத்து, எந்தத் தொடருக்குச் சான்று வேண்டும் என்று வினவுவது பயன் தரும்.

காணாத நூலைக் கண்டதாகக் காட்டுதல்

இரண்டாம் வினா மேற்கோளின் வழியைப் பற்றியது. ஆய்வாளர் மெய்ப்பாட்டியல் உரையிலிருந்து ஒரு பகுதியை எடுத்தாள்கிறார். அதை அவர் உரைநூலில் படிக்கவில்லை; வேறொருவரின் கட்டுரையில் படித்தார். அடிக்குறிப்பிலோ உரைநூலின் பெயரும் பக்கமும் மட்டுமே உள்ளன. மேற்கோள் சொல் பிசகாமல் சரியாகவே இருக்கிறது. இதில் தவறு உண்டா?

உண்டு. தேடிக் கண்டெடுத்த உழைப்பு அக்கட்டுரையாளருடையது, அது மறைக்கப்பட்டுள்ளது. அதைவிடப் பெரிய இடர், முன்னவரின் பிழையும் கைமாறி வருவது. தமிழ்ப் பதிப்பு வரலாறே இதற்குச் சான்று. சி.வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். அதில் அடங்கிய மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகியவற்றின் உரை பேராசிரியருடையது என்பது பின்னரே தெளிவாயிற்று. முதன்முதலாக அந்நூலை அச்சில் கொணர்ந்த பெரும்பணியில் நேர்ந்த பிழை அது. அதனால் அப்பணியின் மதிப்புக் குறைவதில்லை. ஆனால் அப்பதிப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்ட ஒருவரின் கட்டுரையிலிருந்து இன்றைய ஆய்வாளர் மேற்கோளை மட்டும் பெயர்த்தெடுத்தால், பேராசிரியரின் சொல் நச்சினார்க்கினியரின் சொல்லாக மீண்டும் அச்சேறும். மூலத்தைப் பார்த்திருந்தால் பிழை நீங்கியிருக்கும். பார்க்க இயலவில்லை எனில், 'இன்னாரின் கட்டுரையில் எடுத்தாளப்பட்டது' என்று எழுதியிருந்தால் பிழையின் ஊற்று எங்கே என்பதாவது வாசகருக்குத் தெரிந்திருக்கும்.

சொல்லை மாற்றினால் போதுமா?

மூன்றாம் வினாவே மிகக் கடினமானது. முந்தைய ஆய்வாளர் ஒருவர் எழுதியதாகப் பின்வரும் தொடரைக் கொள்ளலாம்: 'ஆடித்தபசு விழாவில் காட்சிதரும் இறைவடிவம் இரு சமயங்களின் இணக்கத்தைக் காட்டுவதைவிட, அவ்விணக்கத்தை வேண்டித் தவமிருக்கும் பெண்தெய்வத்தின் ஆளுமையையே முன்னிறுத்துகிறது.'

இத்தொடரில் உள்ளவை சரியாகப் பதினான்கு சொற்கள். 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் சொற்கள் தொடர்ந்து பதினான்கு வரை இருப்பின் அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை என்கின்றன. ஆங்கிலத்தில் பதினான்கு சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் ஒரு பகுதியாகவே அமையும். மேற்கண்ட தொடரை ஆங்கிலத்தில் எழுத ஏறத்தாழ இருமடங்குச் சொற்கள் தேவைப்படும். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழிலோ, பதினான்கு சொற்களுக்குள் ஓர் ஆய்வின் முழு முடிவும் அடங்கிவிடுகிறது. விதி விலக்களிப்பது தற்செயல் ஒப்புமைக்கு மட்டுமே. எனினும் மென்பொருளில் பதினான்கு சொல் என்னும் வரம்பை மட்டும் அமைத்துவிட்டால், ஒருவரின் வாழ்நாள் ஆய்வு முடிவு அடிக்குறிப்பின்றி அவ்வரம்பினுள் நழுவிச் செல்லக்கூடும்.

இனி, மாணவர் மூவர் இத்தொடரைக் கையாளும் முறைகளைக் காணலாம்.

முதல் மாணவர் எழுதுகிறார்: 'ஆடித்தவசுத் திருநாளில் வெளிப்படும் தெய்வத் திருவுரு சைவ வைணவ ஒற்றுமையை உணர்த்துவதைக் காட்டிலும், அந்த ஒற்றுமையை நாடித் தவம் புரியும் அம்மனின் தனித்தன்மையையே முதன்மைப்படுத்துகிறது.' அடிக்குறிப்பு இல்லை. சொற்கள் பெரும்பாலும் மாறிவிட்டன, தபசு தவசாயிற்று, விழா திருநாளாயிற்று, சேர்த்தெழுதியவை பிரிந்தன. சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் மென்பொருள் இதைப் பிடிப்பது அரிது. ஆனால் 'இதைவிட இதுவே' என்னும் வாதத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. கருத்தும் அமைப்பும் பிறருடையவை. இது கருத்துத் திருட்டே.

இரண்டாம் மாணவர் அதே வாக்கியத்தை எழுதி, இறுதியில் அடிக்குறிப்பு இடுகிறார். கருத்தின் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆயினும் மேற்கோள் குறி இல்லாததால், வாக்கியத்தைக் கட்டியவர் மாணவரே என்று வாசகர் நம்புவார். தண்டிக்கத்தக்க குற்றமாக இதைக் கருதாவிட்டாலும், திருத்தத்தக்க குறையாக மதிப்பிட வேண்டும். தொடரை உள்ளபடியே மேற்கோளாகத் தருவது இதைவிட நேர்மையானது.

மூன்றாம் மாணவர் எழுதுவது வேறு வகை: 'இவ்விழாவைச் சமய இணக்கத்தின் அடையாளமாகக் காண்பதே வழக்கம். தவமிருக்கும் கோமதியம்மனே அதன் மையம் என்று இன்னார் மறுக்கிறார். எனில், அடியவர்கள் புற்றுமண்ணைப் பெற்றுச் செல்லும் வழக்கத்தை இம்மறுப்பு எவ்வாறு விளக்கும் என்பது ஆராயத்தக்கது.' இங்கு முன்னவரின் பெயர் வாக்கியத்துக்குள்ளேயே வருகிறது. அவர் கருத்து எங்கே முடிகிறது, மாணவரின் கேள்வி எங்கே தொடங்குகிறது என்பது ஐயமின்றித் தெரிகிறது. தன்சொல்லால் எடுத்துரைத்தலின் அடையாளம் இவ்வெல்லைக் கோடே. மூன்று பத்திகளுக்குப் பிறகு ஒரே ஓர் அடிக்குறிப்பு இடும் வழக்கம் தவறாவதும் இதனாலேயே. அக்குறிப்பு எதுவரை பொருந்தும் என்பதை எவராலும் சொல்ல இயலாது.

மென்பொருள் தரும் விழுக்காடு இம்மூவரையும் பிரித்தறியாது. முதல்வர் குறைந்த விழுக்காடு பெற்றுத் தேறக்கூடும். பாடல்களை முறையாக மேற்கோள் காட்டும் இலக்கிய ஆய்வாளரோ, மேற்கோள்களை நீக்காமல் சோதித்தால் உயர்ந்த விழுக்காடு பெறுவார். ஒழுங்குமுறைகள் உரிய சான்றோடு கூடிய மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் கணக்கிலிருந்து விலக்குகின்றன என்பதை அறியாத மாணவர், எண்ணுக்கு அஞ்சி மூலப் பாடலையே சிதைத்துச் சொல்மாற்றி எழுதும் நிலையும் உண்டாகலாம். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சான ஏட்டை மென்பொருள் தமிழாகவே படிக்காது. ஆதலால் சுழிய விழுக்காடும் நேர்மைக்குச் சான்றன்று.

யார் ஆசிரியர்?

நான்காம் வினா ஆசிரியர் உரிமை பற்றியது. ஆய்வாளர் மூதாட்டி ஒருவரிடம் இருபது முளைப்பாரிப் பாடல்களை ஒலிப்பதிவு செய்கிறார். நண்பர் ஒருவர் அவற்றைக் கேட்டு எழுத்தில் வடிக்கிறார். வட்டார வழக்குச் சொற்கள் பலவற்றுக்குப் பொருள் கண்டவரும் அவரே. நெறியாளர் வரைவைப் படித்துப் பிழை திருத்துகிறார். கட்டுரை இதழுக்குச் செல்லும்போது நெறியாளர் பெயர் முதலிலும் ஆய்வாளர் பெயர் அடுத்தும் உள்ளன. மற்ற இருவர் பெயரும் இல்லை.

வாதத்தை உருவாக்குவதிலோ தரவைத் திரட்டிப் பகுப்பதிலோ குறிப்பிடத்தக்க பங்கு, எழுதுவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல் ஆகியவை ஒருங்கே இருந்தால்தான் ஒருவர் ஆசிரியராவார் என்பது மருத்துவ இதழாசிரியர்கள் வகுத்த நெறி. பிற துறைகளும் அதைப் பின்பற்றுகின்றன. அதன்படி, பிழை திருத்தியது மட்டும் நெறியாளரை ஆசிரியராக்காது; நன்றியுரையே அதற்குரிய இடம். வாதத்தை அவரே வடிவமைத்திருந்தால் விடை மாறும். சொற்பொருள் கண்ட நண்பரின் விளக்கத்தின்மீது கட்டுரையின் முடிவு நிற்குமானால், எழுதுவதிலும் பொறுப்பிலும் பங்குபெறும் வாய்ப்பை அவருக்கு அளித்திருக்க வேண்டும். மூதாட்டி கட்டுரையின் ஆசிரியர் அல்லர். ஆனால் பாடல்கள் அவர் வாய்வழி வந்தவை. அவர் இசைந்தால், பின்னிணைப்பின் தகவலாளர் பட்டியலில் மட்டுமன்றி, ஒவ்வொரு பாடலின் கீழும் அவர் பெயர் வர வேண்டும்.

இது புதிய வழக்கமன்று. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதிகளைத் தந்து உதவியோரை முகவுரையில் குறிப்பிட்டார். ஏடு தந்தவர் பதிப்பாசிரியர் ஆகவில்லை. ஆனால் அவர் தந்தது மறைக்கப்படவும் இல்லை. பதிப்புத்துறையில் ஏடு தந்தவருக்கு இருந்த இடம், நாட்டார் வழக்காற்றியலில் பாடல் தந்தவருக்கு உண்டு.

முடிவுரை

இந்நான்கு வினாக்களிலும் எண் எதுவும் கேட்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் மாணவர் ஒரு பத்தியைப் பார்த்து, இதில் எது யாருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும்; காரணமும் எழுத வேண்டும். நான்காம் வினாவைப் போன்றவற்றில் விவரம் ஒன்று மாறினால் விடையும் மாறும் என்பதால், விடைக்குறிப்பைக் காட்டிலும் காரணத்துக்கே மதிப்பெண் அளிக்க நேரும். அது திருத்துவோரின் சுமையைக் கூட்டும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு துறை ஆண்டுதோறும் தன் ஆய்வேடுகளிலிருந்தே இத்தகைய பத்திகளைப் பெயர் நீக்கித் தொகுத்து வைத்தால், ஒழுங்குமுறைகள் கூறும் துறைநிலைக் குழுவுக்கும் அவை முன்மாதிரிகளாகப் பயன்படும். மென்பொருள் ஒத்த சொற்களைச் சுட்டிக்காட்டும். மூன்று மாணவர்களுள் நேர்மையாக எழுதியவர் யார் என்பதை, மூலத்தையும் பத்தியையும் அருகருகே வைத்துப் படிப்பவரே கூற இயலும்.