60 டாலர் ஹெட்போன் வீடு வந்து சேரும்போது...

பொம்மிடியில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், அமெரிக்க இணையதளத்தில் 60 டாலருக்கு ஒரு ஹெட்போனைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய் என்றால் 5,100 ரூபாய். உள்ளூர் விலையைவிடக் குறைவு. ஆர்டர் போடும் முன் அவர் முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

அனுப்பும் கட்டணம் 20 டாலர். ஆக 80 டாலர், அதாவது 6,800 ரூபாய். கார்டில் கட்டினால், பல வங்கிகள் அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5% வரை எடுக்கும். அது 238 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி 43 ரூபாய். கணக்கிலிருந்து போவது 7,081 ரூபாய். ‘ரூபாயிலேயே கட்டலாமே’ என்று தளம் கேட்டாலும், டாலரில் கட்டுவதே பெரும்பாலும் லாபம். தளம் போடும் மாற்று விலையில் அதன் பங்கும் ஒளிந்திருக்கும்.

அடுத்தது சுங்கவரி. பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்தே வரி போடுவார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். கணக்குக்காக 20% என்று கொள்வோம். 6,800-க்கு 1,360 ரூபாய். இரண்டையும் கூட்டிய 8,160-க்குத்தான் ஐஜிஎஸ்டி. 18% என்றால் 1,469 ரூபாய். வரிக்கும் வரி! மொத்தம் 9,910 ரூபாய். கூரியர் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்க்கலாம்.

‘பரிசு என்று எழுதி அனுப்புகிறோம், வரி வராது’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். 5,000 ரூபாய் வரையிலான பரிசுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. ராக்கி, உயிர்காக்கும் மருந்து போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு.

‘15 நாளில் டெலிவரி’ என்பதில் சுங்கச் சோதனைக்கான நாட்கள் பெரும்பாலும் சேராது. தபாலில் வந்தால் சென்னை வெளிநாட்டுத் தபால் நிலையத்தில் பார்சல் நிற்கலாம். தபாலில் வரும் பார்சலுக்கு வரியைத் தபால்காரர் கொடுக்கும்போதே வசூலிப்பது வழக்கம். ‘வரி கட்ட இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்று எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள். கூரியர் என்றால், அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக வாரண்டி. பல நிறுவனங்களின் வாரண்டி, விற்ற நாட்டில் மட்டுமே செல்லும். சேலத்திலோ சென்னையிலோ இருக்கும் சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும். திருப்பி அனுப்பும் செலவு வாங்குபவர் தலையில். கட்டிய சுங்கவரியும் எளிதில் திரும்பாது. எனவே ஆர்டருக்கு முன் வாரண்டிப் பக்கத்தில் இந்தியா இருக்கிறதா என்று பார்த்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெயர் இல்லையென்றால், 9,910 ரூபாயையும் உள்ளூர் கடையில் வாரண்டியோடு கிடைக்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள்.