சுவற்றில் அல்ல, சுவரில்

அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி வாசலில் நின்று சொல்வதை எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள்: “நாளைக்கு டேங்க் கழுவுறாங்க, காலைல பத்து மணிலேர்ந்து தண்ணி வராது, இப்பவே புடிச்சு வச்சுக்கங்க.” இதையே அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னால் பேனா தயங்குகிறது. அப்படியே எழுதினால் கொச்சை. திருத்தி எழுதினால் எங்கே பிழை வரும் என்ற பயம்.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பேச்சு எழுத்தாக மாறும்போது ஒலிகள் ஓர் ஒழுங்கோடு மாறுவதுபோலத் தெரியும். ‘புடிச்சு’ பிடித்து ஆகிறது. ‘வச்சு’ வைத்து ஆகிறது. இகரத்துக்கும் ஐகாரத்துக்கும் பின்னால் வரும் ‘த்து’, பேச்சில் ‘ச்சு’ என்று மாறுகிறது. எழுதுகிறவர் அதைத் திருப்பிப் போடுகிறார். அதேபோல ‘காத்து’ காற்று ஆகிறது, ‘நேத்து’ நேற்று ஆகிறது, ‘கிணத்துல’ கிணற்றில் ஆகிறது.

இந்தப் பழக்கம்தான் ஊரெங்கும் ஒரு பிழையை வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறது: ‘சுவற்றில் எழுதாதீர்’. பேச்சில் ‘செவுத்துல’ என்கிறோம். ‘கிணத்துல’ கிணற்றில் ஆனால் ‘செவுத்துல’ சுவற்றில்தானே என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்கு தவறுவது அடிச்சொல்லில். கிணறு, வயிறு ஆகியவை ‘று’ என்று முடிகிற சொற்கள். வேற்றுமை உருபு ஏறும்போது அந்த றகரம் இரட்டித்து, கிணற்றில், வயிற்றில் என்றாகும். சுவர் அப்படிப்பட்ட சொல் அல்ல. தேர் தேரில் ஆவதுபோல, வேர் வேரில் ஆவதுபோல, சுவர் சுவரில் ஆகும். பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டதால், ‘செவுரு’ என்ற சொல் கிணற்றின் வரிசையில் போய் நின்றுகொண்டது.

ஆகவே ஒலியை மட்டும் திருப்பினால் போதாது. உருபைக் கழற்றி அடிச்சொல்லைப் பார்க்க வேண்டும். வினைச்சொல்லுக்கும் இது பொருந்தும். ‘மாமரம் காய்ச்சிருக்கு’ என்றால் காய்த்திருக்கிறது என்று எழுதலாம். அங்கே அடி ‘காய்’. ‘காய்ச்சின தண்ணி’ என்பதில் அடியே ‘காய்ச்சு’. அது காய்ச்சிய தண்ணீர்தான்.

இனி காவலாளியின் வாக்கியத்துக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் திருத்தினால் கிடைப்பது இது: ‘நாளைக்குத் தொட்டி கழுவுகிறார்கள், காலையில் பத்து மணியிலிருந்து தண்ணீர் வராது, இப்பொழுதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.’ இலக்கணப்படி பெரிய குறை இல்லை. ஆனாலும் பலகைக்கு இது உதவாது. பேசுகிறவர் எதிரே நிற்கும்போது ‘நாளைக்கு’ எந்த நாள் என்று தெரியும். பலகையை மறுநாள் காலையில் படிக்கிறவருக்கு அது இன்னொரு நாள். ‘இப்பொழுதே’ என்பதும் அப்படித்தான். எத்தனை மணிக்குத் தண்ணீர் திரும்ப வரும் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொள்வார். பலகையிடம் கேட்க முடியாது.

எழுத்து வேறு திசையிலும் வழுக்கும். ‘தூய்மைப்படுத்தும் பணி மேற்கொள்ளப்படவுள்ளபடியால் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படுகிறது’ என்று அலுவலகத் தமிழில் எழுதினால், தண்ணீர் வராது என்ற ஒரே செய்தி வாக்கியத்தின் கடைசியில் புதைந்து போகிறது. பேச்சில் இருந்த நல்ல சொற்களை இழக்கவும் நேர்கிறது. ‘தண்ணீர்’, ‘வராது’, ‘பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்’ மூன்றும் எழுத்துத் தமிழிலும் குறையற்றவை.

பலகையில் இப்படி இருக்கலாம்:

‘மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது. தொட்டி கழுவப்படுகிறது. தேவையான தண்ணீரை முன்னதாகவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.’

நாளும் நேரமும் முதலில் வந்துவிட்டன. ‘மணிலேர்ந்து’ என்பது ‘முதல்’ ஆகி, ‘வரை’யையும் உடன் அழைத்து வந்திருக்கிறது. ‘கழுவுறாங்க’ என்பதில் யார் என்ற கேள்வி எழும். ‘கழுவப்படுகிறது’ என்றால் எழாது. ‘தண்ணீரை’ என்பதை அடுத்து ‘பிடித்து’ உடனே வந்திருந்தால் ‘தண்ணீரைப் பிடித்து’ என்று ஒற்று மிகுந்திருக்கும். வாய்விட்டுப் படித்தால் அந்த ஒற்று காதிலேயே விழும்.

காகிதத்தில் எழுதிய அறிவிப்பை அடுத்த நாள் கிழித்துவிடலாம். சுவரில் வண்ணத்தால் எழுதியது பல ஆண்டுகள் நிற்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் தினமும் அதைப் படிப்பார்கள். குடியிருப்புச் சங்கத்தாரும் பள்ளி நிர்வாகத்தாரும், ஓவியர் தூரிகையை எடுக்கும் முன், அந்த ஒரு வரியைத் தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும்.