கணிப்பு சரியாக இருந்தும் பணம் போவது ஏன்?

பங்குச் சந்தையில் ‘ஆப்ஷன்’ எனப்படும் விருப்ப ஒப்பந்தங்களை அறிமுகப்படுத்துவோர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “வாங்குபவருக்கு இழப்பு வரையறைக்கு உட்பட்டது, லாபத்துக்கு வரையறை இல்லை.” இது பொய்யன்று. ஆனால், முழு உண்மையும் அன்று என்பதே நம் கருத்து. இதை ஓர் எளிய கணக்கின் வழியே பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தின் பங்கு இன்று ஐந்நூறு ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். அது ஒரு மாதத்தில் உயரும் என்று நாம் கணிக்கிறோம். ஆயிரம் பங்குகளை நேரடியாக வாங்க ஐந்து லட்சம் ரூபாய் வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு ‘கால் ஆப்ஷன்’ வாங்குகிறோம். மாத இறுதியில் குறித்த நாளன்று, அப்பங்கை ஐந்நூற்று இருபது ரூபாய்க்கு வாங்கும் உரிமையை அது நமக்குத் தருகிறது. வாங்கியே தீர வேண்டும் என்னும் கடமை நமக்கு இல்லை. இந்த உரிமைக்காகப் பங்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் ‘பிரீமியம்’ செலுத்துகிறோம். ஆயிரம் பங்குகள் கொண்ட ஒரு ‘லாட்’டுக்கு மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

மனை வாங்கும்போது கொடுக்கும் முன்பணம் போன்றது இது என்று சிலர் விளக்குவர். அந்த ஒப்புமை பொருந்தாது. முன்பணம் விலையில் கழிக்கப்படும்; பிரீமியம் கழிக்கப்படாது. அது உரிமையின் விலை. கொடுத்த அந்நொடியே அது ஒப்பந்தத்தை விற்றவருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

மாத இறுதியில் பங்கின் விலை ஐந்நூற்றுப் பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பங்கு உயரும் என்ற நம் கணிப்பு பலித்துவிட்டது. எனினும், சந்தையில் ஐந்நூற்றுப் பதினைந்துக்குக் கிடைப்பதை ஐந்நூற்று இருபது கொடுத்து வாங்கும் உரிமையால் பயன் ஏதுமில்லை. பன்னிரண்டாயிரமும் போயிற்று. பங்கையே வாங்கியிருந்தவரோ பதினைந்தாயிரம் ரூபாய் லாபத்தில் இருப்பார்.

விலை ஐந்நூற்று இருபத்தாறு ஆனால், உரிமையின் மதிப்பு பங்குக்கு ஆறு ரூபாய். அப்போதும் நமக்கு ஆறாயிரம் ரூபாய் நஷ்டம். ஐந்நூற்று முப்பத்திரண்டைத் தொட்டால்தான் போட்ட பணம் திரும்பும். ஐந்நூற்று ஐம்பதை எட்டினால், பங்குக்கு முப்பது ரூபாய் கிடைத்து, பிரீமியம் போகப் பதினெட்டாயிரம் ரூபாய் லாபம் நிற்கும்.

ஆகவே, விலை உயர்ந்தால் மட்டும் போதாது. போதிய அளவு உயர வேண்டும். அதுவும் குறித்த நாளுக்குள் உயர வேண்டும். பங்கின் விலை இரு வாரங்கள் ஐந்நூறிலேயே அசையாமல் நின்றால், நாம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கிய உரிமை ஐந்து, ஆறு ரூபாய்க்கே விலைபோகக்கூடும். காத்திருப்பதற்கும் நாம் விலை கொடுக்கிறோம். பங்கை வைத்திருப்பவர் அடுத்த ஆண்டு வரை பொறுத்திருக்கலாம்; ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் தனிப் பங்குகள் மீதான ஆப்ஷன்கள், இறுதி நாளில் பங்குகளையே கைமாற்றித் தீர்க்கப்படுகின்றன. விலை ஐந்நூற்று இருபத்தாறில் நிற்கையில் உரிமையை முன்னதாக விற்று வெளியேறாவிட்டால், ஆயிரம் பங்குகளை எடுத்துக்கொள்ள ஐந்து லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கணக்கில் இருக்க வேண்டும். பன்னிரண்டாயிரத்துடன் வந்தவர் இதற்கு ஆயத்தமாக இருப்பாரா?

விற்றவரின் நிலை வேறு. அவருக்குக் கிடைப்பது அந்தப் பன்னிரண்டாயிரம் மட்டுமே. விலை அறுநூறாகிவிட்டால், பங்குக்கு எண்பது ரூபாய் அவர் ஈடுகட்ட வேண்டும். பிரீமியம் போக அறுபத்தெட்டாயிரம் ரூபாய் இழப்பு. அதற்கு மேல்வரம்பு இல்லை என்பதால்தான் அவரிடம் பெருந்தொகை பிணைவைப்பாகப் பெறப்படுகிறது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் சுமார் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்ததாகக் கூறுகிறது. மேலே கண்ட கணக்கைப் பார்த்தபின் இந்த எண்ணிக்கை நமக்கு வியப்பளிக்கவில்லை.

இதனால் ஆப்ஷனே தீயது என்று நாம் சொல்லவில்லை. அடுத்த மாதம் முதிர்வடையும் வைப்புத்தொகையைக் கொண்டு அதே ஆயிரம் பங்குகளை வாங்கத் திட்டமிட்டிருப்பவர், அதற்குள் விலை ஏறிவிடுமோ என அஞ்சி இந்த உரிமையை வாங்கினால், அது காப்பீட்டுக்குச் செலுத்தும் தொகையைப் போன்றது. விலை ஏறாவிட்டால் பன்னிரண்டாயிரம் செலவு. ஆனால் பங்கு மலிவாகவே கிடைக்கும். பங்கை வாங்கும் எண்ணமும் பணமும் இல்லாமல், மாதந்தோறும் வருமானம் தேடி இதை வாங்குபவரின் நிலை அப்படியன்று. அவரைப் பொறுத்தவரை ‘வரையறுக்கப்பட்ட இழப்பு’ என்பதற்கு, போட்ட பணம் முழுவதும் போகக்கூடும் என்பதே பொருள். அது ஒருமுறையோடு நிற்கும் என்ற உறுதியும் இல்லை.