மண்டபத்துக்கு 4கே வாங்குவதற்கு முன்



எமது பாடசாலை மண்டபத்துக்குப் புதிய புரொஜெக்டர் வாங்குவது பற்றி பழைய மாணவர் குழுமத்தில் இரண்டு வாரமாகப் பேச்சு நடக்கிறது. "வாங்கினால் 4கே தான் வாங்க வேண்டும், போன பரிசளிப்பு விழாவில் பட்ட வெட்கம் போதும்" என்று ஒரு நானா எழுதியிருந்தார. அவருடைய நோக்கம் நல்லது. ஆனால் அன்று எங்களை வெட்கப்பட வைத்தது புரொஜெக்டர் அல்ல. லெப்டொப்புக்குப் பக்கத்தில் நின்றவன் நான் என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று போட்ட பாடசாலை வரலாற்று வீடியோ எமக்கு வட்ஸப்பில் வந்தது. போனில் பார்த்துவிட்டு எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றோம். மண்டபத்தில் போட்டதும் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரை அவருடைய மகளே அடையாளம் காணவில்லை. விழா முடிந்த பிறகு அந்த பைலை ரைட் கிளிக் செய்து Properties, அதில் Details பார்த்தேன். Frame width 848, Frame height 480 என்று இருந்தது. எடிட் செய்த தம்பி உருவாக்கியது 1920 x 1080. இடையில் வட்ஸப் சுருக்கிவிட்டது.

எமது திரை 12 அடி அகலம், அதாவது ஏறக்குறைய 3,660 மில்லிமீற்றர். அதில் 848 புள்ளிகளைப் பரப்பினால் ஒரு புள்ளி 4.3 மில்லிமீற்றர் வரும். நல்ல பார்வை உள்ள ஒருவருக்குப் புள்ளி தனியாகத் தெரியாமல் இருக்க, அந்தப் புள்ளியின் அகலத்தைப் போல சுமார் 3,400 மடங்கு தூரத்தில் அவர் இருக்க வேண்டும். இங்கே அது 48 அடி. எமது கடைசி வரிசையே 50 அடியில்தான் இருக்கிறது. அதாவது கடைசி வரிசையைத் தவிர மண்டபம் முழுக்க அந்தக் குறையைப் பார்த்திருக்கிறது.

இதைவிட மோசமானது அந்தக் கட்டங்கள். வீடியோவைச் சுருக்கும்போது படத்தை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்துத்தான் கையாளுகிறார்கள். போனில் அந்தச் சதுரம் இரண்டரை மில்லிமீற்றர், கண்ணில் படாது. எமது திரையில் அதே சதுரம் 7 சென்றிமீற்றர். இந்த பைலை 4கே புரொஜெக்டரில் போட்டாலும் அதே 7 சென்றிமீற்றர்தான். இல்லாத விபரத்தை எந்த மெஷினும் கொண்டுவராது.

சரி, நல்ல பைல் கிடைத்தால் 4கே உதவுமா? புல் எச்.டி.யில் ஒரு புள்ளி 1.9 மில்லிமீற்றர். 21 அடிக்கு அப்பால் அது தெரியாது. எமது முதல் வரிசை 15 அடியில் தொடங்குகிறது. ஆக, 4கேயின் பலன் முன்னால் இருக்கும் இரண்டு வரிசைக்கு மட்டும்தான். அங்கே இருப்பவர்கள் அதிதிகள். அவர்கள் திரையை விடத் தங்கள் போனைத்தான் அதிகம் பார்க்கிறார்கள் (கோபிக்க வேண்டாம்).

அதனால் என் கருத்து, உண்மையான புல் எச்.டி. போதும். "உண்மையான" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மலிவான சிலவற்றின் பெட்டியில் "4K supported" என்று பெரிதாகப் போட்டிருக்கும். 4கே சிக்னலை அது ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே அதன் அர்த்தம். காட்டுவது 1280 x 720 ஆக இருக்கலாம். விபரத்தாளில் Native resolution என்ற வரியில் 1920 x 1080 இருக்கிறதா என்று பாருங்கள்.

மிஞ்சும் காசை வெளிச்சத்துக்குக் கொடுங்கள். 4,000 லூமன்ஸ் எமது திரையில் பரவும்போது சதுர மீற்றருக்கு 530 லூமன்ஸ் அளவுதான். காலை பத்து மணிக்கு ஜன்னல்கள் திறந்திருந்தால் வெளியிலிருந்தே அதற்குக் கிட்டிய வெளிச்சம் திரையில் விழலாம். அப்போது கறுப்பு எல்லாம் சாம்பலாகிவிடும். 5,000க்கு மேல் ஒன்றும், கிழக்குப் பக்க ஜன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலையும் வாங்கினால் கடைசி வரிசை உம்மாமாருக்கும் படம் தெரியும்.

இன்னொரு சின்ன விடயம். எமது லெப்டொப் 1366 x 768. Duplicate என்று போட்டால் புரொஜெக்டருக்கும் அந்த அளவே போய் எழுத்துகள் மங்கும். Windows + P அழுத்தி Second screen only தெரிவு செய்து, Display settings இல் 1920 x 1080 வைக்க வேண்டும்.

அடுத்த விழாவுக்கு வீடியோ தருபவர்கள் பென் டிரைவில் தாருங்கள். வட்ஸப்தான் வழி என்றால் Document ஆக அனுப்புங்கள், அப்படி அனுப்பினால் சுருங்காது. பழைய போட்டோ வைத்திருப்பவர்கள் அதைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், போட்டோவையே கொண்டு வாருங்கள். 6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1,800 புள்ளிகள் கிடைக்கும், முழுத் திரைக்கும் அது போதும். குரூப் போட்டோவில் ஒருவரை மட்டும் பெரிதாக்க வேண்டும் என்றால் 1200 டிபிஐயில் எடுப்பேன். பாடசாலை விட்ட பிறகு கணினி அறையில் இருப்பேன், ஸ்கேன் செய்து கையோடு திருப்பித் தருகிறேன்.