ஆப்பிள் என்று சொல்லச் சொன்னால்

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் 'போர்ட்டல் 2' விளையாடிக்கொண்டிருந்தான். 2011இல் வந்த விளையாட்டு, அவனைவிட வயதில் மூத்தது. தொடக்கத்திலேயே வீட்லி என்கிற ஒற்றைக்கண் உருண்டை ரோபோ வந்து, நெடுந்தூக்கத்திலிருந்து எழுந்த கதாநாயகியைச் சோதிக்கிறது. மூளை கலங்கியிருக்கலாம் என்று அதற்குச் சந்தேகம். "ஆப்பிள் என்று சொல், பார்ப்போம்" என்கிறது. பேசுவதற்கு ஸ்பேஸ் பட்டனை அழுத்து என்று திரையில் குறிப்பு வருகிறது. பையன் அழுத்தினான். கதாநாயகி குதித்தாள். மறுபடி அழுத்தினான். மறுபடி குதித்தாள். "நீ செய்வதற்குப் பெயர் குதிப்பது" என்று வீட்லி பொறுமையாக விளக்கியது.

"மாமா, இவ ஊமையா?"

ஊமை இல்லை. ஆனால் செல் என்ற அந்தப் பெண் கடைசி வரை ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்த விளையாட்டைச் செய்த வால்வ் நிறுவனத்துக்கு இது பழைய பழக்கம். பேசாத ஆளை வைத்துத் தங்களையே கேலி செய்துகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் கார்டன் ஃப்ரீமேனிடம் தொடங்கியது.

1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் நாயகன் ஃப்ரீமேன். வயது 27, எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய இயற்பியலாளர். கண்ணாடியும் தாடியும் உண்டு என்பது அட்டைப்படத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆட்டத்துக்குள் கேமரா ஒரு தடவைகூட அவன் கண்களை விட்டு வெளியே வராது. அவன் முகத்தைக் காட்ட ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. கமல் 'பேசும் பட'த்தில் நடித்தபோது வசனம் போனாலும் முகம் இருந்தது, அந்த முகமே எல்லாவற்றையும் பேசியது. இங்கே அதுவும் போய்விட்டது. மிஞ்சுவது இரண்டு கைகள். அந்தக் கைகளை ஆட்டுவது நாம்.

கை எப்படிப் பேசும் என்பதற்கு 2004இல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2'வின் முதல் பத்து நிமிடத்தைச் சொல்லலாம். வேற்றுக் கிரகத்தார் பிடியில் இருக்கும் சிட்டி 17 என்ற நகரத்தின் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறோம். வழியை மறித்து நிற்கும் முகமூடிக் காவலன் ஒருவன், ஒரு காலி டின்னை வேண்டுமென்றே தரையில் தட்டிவிடுகிறான். "அதை எடு" என்கிறான். எடுத்தால், "குப்பைத்தொட்டியில் போடு" என்கிறான்.

பொருள்களை எப்படி எடுப்பது, எப்படி எறிவது என்று ஆட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான் அது. வேறு விளையாட்டாக இருந்தால் இந்தப் பட்டனை அழுத்து என்று ஒரு பெட்டியில் எழுதிக் காட்டிவிட்டுப் போயிருக்கும். இங்கே ஓர் அவமானமே பாடமாகிறது. டின்னைத் தொட்டியில் போட்டால் காவலன் சிரித்துவிட்டு வழி விடுவான். அவன் முகத்திலேயே விட்டெறிந்தால் தடியோடு துரத்துவான். நான் எறிந்தேன், அடியும் வாங்கினேன். அந்த எரிச்சல் ஃப்ரீமேனுடையதல்ல, முழுக்க என்னுடையது.

அந்த இடத்தில் ஃப்ரீமேன் "உன்னை ஒருநாள் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வசனம் முணுமுணுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எறிந்தவருக்கு அது தேவையற்ற வசனம், எறிந்ததிலேயே அவர் அதைச் சொல்லியாகிவிட்டது. பயந்து தொட்டியில் போட்டவருக்கோ அது பொய் வசனம். எழுத்தாளர் எதை எழுதினாலும் யாரோ ஓர் ஆட்டக்காரருக்கு அது பொருந்தாமல் போகும். அதனால் எழுதாமல் விட்டார்கள்.

ஆனால் நாயகன் வாயை மூடிக்கொண்டால் அவன் பங்கு வேலை மறைந்துவிடாது, மற்றவர்கள் தலையில் விழும். இந்தக் கதையை எழுதிய மார்க் லெய்ட்லாவின் கைவேலையை அங்கேதான் பார்க்க வேண்டும். ஃப்ரீமேனிடம் யாரும் நின்று பதில் எதிர்பார்க்கும் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டாலும் பதிலை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். இருவர் அவனுக்கு எதிரே நின்று தங்களுக்குள் சண்டை போடுவார்கள், நமக்குத் தெரியவேண்டியது அந்தச் சண்டையில் தெரிந்துவிடும். மாமியார் மருமகள் பேச்சில் வீட்டு விவகாரம் முழுவதையும் தெரிந்துகொள்ளும் விருந்தாளி மாதிரி நாம் நின்றுகொண்டிருப்போம்.

ஒரு காட்சியில் ஆய்வுக்கூடத்தில் பிளக் ஒன்று கழன்றுவிடும். மாட்டிவிட்டு சுவிட்சைப் போடுவது நம் வேலை. போட்டதும் பழைய நண்பன் பார்னி, எம்.ஐ.டி. படிப்புக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று கிண்டலடிப்பான். ஃப்ரீமேன் மேதை என்பதும், நம் கையில் இருக்கும்போது அவன் எலெக்ட்ரீஷியன் வேலைதான் பார்க்கிறான் என்பதும் அந்த ஒரே கிண்டலில் அடங்கிவிடுகின்றன. நண்பனிடம் இப்படிப் பேசும் உரிமையை வைத்தே இருவருக்கும் எவ்வளவு நாள் பழக்கம் என்பதும் புரிந்துவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது மைக்ரோவேவ் கதை. 1998 ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஊழியர்கள் அறையில் ஒரு மைக்ரோவேவ் இருக்கும். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சாப்பாடு வெடித்துச் சிதறும். கதைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சும்மா கை அரிப்புக்குச் செய்வது. ஒன்பது வருடம் கழித்து வந்த 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ'வில் மேக்னுஸன் என்ற சிடுமூஞ்சி விஞ்ஞானி, அன்றைக்கு நாசமான சாப்பாடு தன்னுடையது என்று சொல்லிக்காட்டுவார். நாம் செய்த குறும்பு ஃப்ரீமேனின் வாழ்க்கை வரலாற்றில் ஏறிவிட்டது.

இந்த உத்தி எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. கையால் பதில் சொல்ல முடிகிற கேள்வி வரும்வரை சரி. முதல் ஆட்டத்தின் முடிவில் ஜி-மேன் என்ற கோட்டுக்காரர் ஒரு வேலை தருவதாகச் சொல்கிறார். சம்மதமென்றால் எதிரே உள்ள ஒளிவாசலுக்குள் நுழைய வேண்டும், இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காலே பதில் சொல்லிவிடுகிறது. இரண்டாம் ஆட்டத்தின் முடிவில் அதே மனிதர் வந்து, இந்த முறை தேர்ந்தெடுப்பது போன்ற பாவனைகூட வேண்டாம், உனக்காக நானே முடிவெடுக்கிறேன் என்கிறார். முதல் தடவை கேட்டபோது சிலிர்த்துவிட்டது. அத்தனை மணி நேரம் நானாக நடந்தேன் என்று நினைத்திருந்தேன், போட்ட பாதையில்தான் நடந்திருக்கிறேன் என்பதை ஆட்டமே எடுத்துச் சொன்னது.

அன்பு, துக்கம் இரண்டிலும்தான் சறுக்கல். கூடவே வரும் அலிக்ஸ் என்ற பெண் ஃப்ரீமேனிடம் மனதைக் கொட்டுகிறாள், சீண்டுகிறாள், நீ அதிகம் பேசாத ஆள் என்று கேலியும் செய்கிறாள். கேலி இரண்டு தடவை ருசிக்கும். 'எபிசோட் டூ' முடிவில் அவள் கண்ணெதிரே அவள் அப்பா கொல்லப்படுகிறார். அவள் அழுகிறாள். அங்கே பேசாமல் நிற்பவனை என்னால் நானாக நினைக்க முடியவில்லை. தோளைத் தொட ஒரு பட்டன் இல்லை. துப்பாக்கியைத் தூக்கவும் பெட்டியை நகர்த்தவும் தெரிந்த கைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல் போன இடம் அது. 2020இல் அந்தப் பெண்ணையே நாயகியாக வைத்து 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' வந்தபோது, அவளை வாய் நிறையப் பேசவிட்டார்கள்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ரயில் நிலையக் காட்சியை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காவலன் டின்னைத் தட்டிவிட்டான். பையன் எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். எறியப்போகிறான் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அவன் நல்ல பிள்ளையாகக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்தான்.

"ஏன்டா, மூஞ்சியிலேயே எறிய வேண்டியதுதானே?"

"அவன் கையில தடி இருக்கு மாமா."