தவறான விடை தரும் தகவல்

இணையவழிப் பாடங்களில் ஒவ்வொரு காணொலிக்குப் பின்னும் கேட்கப்படும் குறுவினாக்கள் பலவும் ‘சரி’, ‘தவறு’ என்பதோடு நின்றுவிடுகின்றன. நான்கு விடைகளையும் வரிசையாக அழுத்திப் பார்க்கலாம் என்றால், பாடத்தையே பார்க்காதவரும் நான்காம் முறைக்குள் தேறிவிடுவார். அந்த மதிப்பெண்ணைப் புரிதலுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

ஒரு பொருளின் விலை 100 ரூபாயிலிருந்து 120 ரூபாயாக உயர, விற்பனை 50-லிருந்து 45 ஆகக் குறைகிறது. தேவை நெகிழ்ச்சி எவ்வளவு? விலையேற்றம் 20 சதவீதம், விற்பனைச் சரிவு 10 சதவீதம். எதிர்க்குறியை விடுத்தால் விடை 0.5. ‘2’ என்பவர் வகுத்தலைத் தலைகீழாகச் செய்திருக்கிறார், ‘0.25’ என்பவர் சதவீதத்தை மறந்து 5-ஐ 20-ஆல் வகுத்திருக்கிறார். இருவருக்கும் ‘தவறு’ என்ற ஒரே சொல் எப்படி உதவும்? அவரவர் பிழையைச் சுட்டிக்காட்டி, மறுமுறை எண்களை மாற்றிக் கேட்க வேண்டும். பெரும்பாலோர் ‘2’ என்றே விடையளித்தால், பேராசிரியர் தமது காணொலியைத்தான் முதலில் திரும்பப் பார்க்க வேண்டும்.