ஐஸ் பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு ப்ரீசரில் சோடா

சுண்ணாம்புக்குளத்துக்காரர்களுக்கு ஐஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் பட்ட இறாலும் நண்டும் இந்த வெயிலில் கெடாமல் போய்ச் சேருவதே, உடைத்த ஐஸை அள்ளிப் போட்டுக் கட்டும் தெர்மோகோல் பெட்டியால்தான். அப்படிப்பட்ட ஊரில், சித்திரை பிறந்ததும் வீட்டுக்கு வீடு கண்ணாடிச் சோடா பாட்டிலை ப்ரீசரில் செருகிவிட்டு மறந்துபோகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாட்டில் போனால் போகட்டும். குழம்புக்கு உரித்துத் திறந்த கிண்ணத்தில் வைத்த இறால் மேலெல்லாம் கண்ணாடிச் சில்லு. ப்ரீசர் வெளிச்சத்தில் ஐஸ் துணுக்கும் அப்படித்தான் மின்னும், கண்ணாடித் துணுக்கும் அப்படித்தான் மின்னும். “நாலு தண்ணியில கழுவிட்டா போச்சு” என்பார்கள். போகாது. இறால் சதைக்குள் ஏறிய பொடிச்சில்லு கழுவினால் வராது. மூடி போடாமல் இருந்ததை அப்படியே கொட்டத்தான் வேண்டும். ஏரியில் இறங்கித் தடவிப் பிடித்த இறாலைக் குப்பையில் கொட்டுகிற வயிற்றெரிச்சலை என்ன சொல்ல?

கேட்டால், “கேஸ் ஜாஸ்தியா இருந்திருக்கும் அத்தை, அதான் வெடிச்சிடுச்சு” என்கிறான் அண்ணன் மகன். கேஸ்தான் முதல் காரணம் என்றால் வெயிலில் கிடக்கும் பாட்டில் அல்லவா முதலில் வெடிக்க வேண்டும்? குளிரக் குளிர, கேஸ் தண்ணீரில் இன்னும் நன்றாகக் கரையும். உள்ளே அழுத்தம் குறையத்தான் செய்யும். வினை, தண்ணீர் உறைய ஆரம்பிக்கும்போதுதான் வருகிறது.

தண்ணீர் 4 டிகிரி வரைக்கும் குளிரக் குளிரச் சுருங்கும். அதற்குக் கீழே போனால் மெல்ல விரியத் தொடங்கும். உறையும்போதோ ஒரேயடியாக ஊதும். நீராக இருக்கும்போது அதன் மூலக்கூறுகள் நெருக்கியடித்துப் புரண்டுகொண்டிருக்கும். உறைந்துவிட்டால் ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி நாலு மூலக்கூறுகளை மட்டும் பிடித்துக்கொண்டு, நடுவே இடைவெளி விட்டு, ஆறு மூலை அடுக்காக நின்றுவிடும். அதனால் 100 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 109 மில்லி ஐஸாகிறது. ஐஸ் தண்ணீரில் மிதப்பதும் இதனால்தான். எல்லாத் திரவமும் இப்படி இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், உறைந்த எண்ணெய் நடுவில் குழிந்து சுருங்கியிருக்கும். அதனால் எந்தப் பாட்டிலும் உடைந்ததில்லை.

இப்போது 200 மில்லி சோடாவைக் கணக்குப் பண்ணுங்கள். முழுக்க உறைந்தால் 218 மில்லி. பாட்டில் கழுத்தில் விட்டிருக்கும் காலியிடம் அதற்குப் போதாது. ஐஸ் வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கி வளரும். கழுத்து முதலில் அடைத்துக்கொண்டால் மிச்சத் தண்ணீருக்குப் போக்கிடமே இல்லை. ப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் அடைபட்ட ஐஸ், ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம் கொடுக்கக்கூடியது. கண்ணாடி எந்த மூலைக்கு?

கேஸ் அதற்குப் பிறகுதான் சேர்ந்துகொள்கிறது. ஐஸுக்குள் கேஸ் கரையாது, வெளியே தள்ளப்படும். ஐஸ் பாரின் நடுவில் ஓடும் வெள்ளைக்கோடு நமக்குத் தெரிந்ததுதானே? ஓரத்திலிருந்து உறைந்து வந்த ஐஸ், தண்ணீரிலிருந்த காற்றையும் உப்பையும் நடுவே ஒதுக்கிய தடம் அது. சோடாவிலும் அப்படியே, மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் கேஸ் முழுக்கக் குவிகிறது. ஐஸ் ஃபாக்டரி அச்சுக்கு மேலே மூடி கிடையாது, ஐஸ் மேல்நோக்கி உப்பிக்கொள்ளும். பாட்டிலுக்கு மூடி இருக்கிறதே!

அலுமினிய டின் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடும். உள்குழிந்த அடிப்பாகம் வெளியே பிதுங்கும், மேல்மூடி உப்பும். அந்த நிலையில் அதைத் திறக்கவோ குலுக்கவோ கூடாது. நீளமான பாத்திரத்தில் நிறுத்தி, மேலே தடித்த துணி போட்டு, ஆள் புழங்காத இடத்தில் தானாக இளக விட வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடிப் பாட்டில் என்றால், ஐஸ்தானே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐஸ் இளகினால் கையிலேயே பிளக்கும். ப்ரீசரை அணைத்து, கனமான கையுறையோடு எடுத்து வெளியே போடுங்கள். அந்த ஐஸைப் பிள்ளைகள் சப்ப விடாதீர்கள்.

சில்லென்று வேண்டுமா? வாசலில் இருக்கிற பெட்டியிலிருந்து இரண்டு கை ஐஸை ஒரு வாளியில் போட்டு, பாட்டில் மூழ்குமளவு தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கட்டாயம், அதுதான் பாட்டிலைச் சுற்றி ஒட்டிநின்று சூட்டை உறிஞ்சும். அரை மணிக்குள் குளிர்ந்துவிடும், ராத்திரி முழுக்க மறந்தாலும் வெடிக்காது. ஐஸும் தண்ணீரும் கலந்திருக்கும் வரை அந்த வாளி பூஜ்யத்துக்குக் கீழே இறங்காது. சர்க்கரை கலந்த பானமோ பூஜ்யத்துக்குக் கீழேதான் உறையும். உப்பை மட்டும் அதில் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கு வெகு கீழே போகும், பாட்டில் அங்கேயும் உறையும்.